பல கடன்கள் இருக்கும்போது எதை முதலில் அடைப்பது?

மீள்குடியேறிய பின்னர் ஒரு குடும்பத்துக்குக் கடன்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. வீட்டுக்குக் கூரை போட நகை அடகுக்குப் போகிறது. குளிர்சாதனப் பெட்டி கடையில் தவணைக்கு வருகிறது. சம்பளம் பெறும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரின் கடனட்டையிலும் மீதி ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மாதந்தோறும் கட்டியபின் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சுமானால், அதை எந்தக் கடனுக்குக் கொடுப்பது என்பதே இங்கு நாம் பார்க்கப்போகும் கேள்வி.

இரண்டு முறைகள்

இரண்டு முறைகளுக்கும் முதல் விதி ஒன்றுதான். ஒவ்வொரு கடனுக்கும் கட்டாயமாகக் கட்டவேண்டிய தொகையைத் தவறாமல் கட்ட வேண்டும். மிஞ்சும் பணம் முழுவதையும் பல கடன்களுக்குப் பிரிக்காமல் ஒரே கடனுக்குச் செலுத்த வேண்டும். அந்தக் கடன் முடிந்ததும், அதற்குக் கட்டிவந்த பணமும் சேர்ந்து அடுத்த கடனுக்குப் போகும்.

பனிப்பந்து முறையில் மீதி மிகக் குறைந்த கடனை முதலில் முடிப்பீர்கள். பனியில் உருளும் பந்து பெருத்துக்கொண்டே போவதுபோல, அடுத்த கடனுக்குப் போகும் தொகை பெருகுவதால் இந்தப் பெயர். பனிச்சரிவு முறையில் மீதி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வட்டி வீதம் மிகக் கூடிய கடனையே முதலில் முடிப்பீர்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

வில்கமுவையில் வாழும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு மூன்று கடன்கள் உள்ளன.

- கடைத் தவணை: மீதி 20,000 ரூபாய், ஆண்டு வட்டி 12 வீதம், மாதத் தவணை 1,500 ரூபாய்
- நகை அடகு: 60,000 ரூபாய், ஆண்டு வட்டி 18 வீதம், மாத வட்டி 900 ரூபாய்
- கடனட்டை: மீதி 100,000 ரூபாய், ஆண்டு வட்டி 28 வீதம், மாதம் கட்டுவது 5,000 ரூபாய்

அடகுக்கு 18 வீதமும் கடனட்டைக்கு 28 வீதமும், 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி உத்தரவிட்ட உச்ச வீதங்கள் ஆகும். உங்கள் கடனுக்கு இன்று என்ன வீதம் என்பதை அடகுச் சீட்டிலும் அட்டையின் மாதக் கூற்றிலும் பாருங்கள்.

இந்தக் குடும்பம் கட்டாயம் கட்டவேண்டியது மாதம் 7,400 ரூபாய். அவர்களால் 13,000 ரூபாய் ஒதுக்க முடிகிறது. ஆகவே 5,600 ரூபாய் மேலதிகமாக உள்ளது.

பனிப்பந்து முறையில் அந்த 5,600 ரூபாய் கடைத் தவணைக்குப் போகிறது. மூன்றாம் மாதத்தில் அது முடிந்துவிடும். பதினோராம் மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். பதினேழாம் மாதத்தில் கடனட்டையும் முடியும். கட்டிய மொத்த வட்டி ஏறத்தாழ 34,200 ரூபாய்.

பனிச்சரிவு முறையில் மேலதிகப் பணம் கடனட்டைக்குப் போகிறது. பத்து மாதம் வரை எந்தக் கடனும் முடியாது. பதினோராம் மாதத்தில் கடனட்டையும் பதினைந்தாம் மாதத்தில் கடைத் தவணையும் முடியும். பதினேழாம் மாதத்தில் நகை மீளும். மொத்த வட்டி ஏறத்தாழ 28,450 ரூபாய்.

இரண்டும் முடிவது ஒரே மாதத்தில்தான். ஆனால் பனிச்சரிவு முறையில் சுமார் 5,750 ரூபாய் மிச்சமாகிறது. காரணம் எளிது. கடனட்டை மீதியில் 1,000 ரூபாய் குறைத்தால் மாதம் 23 ரூபாய் வட்டி குறைகிறது. அதே 1,000 ரூபாயைக் கடைத் தவணைக்குக் கொடுத்தால் 10 ரூபாய்தான் குறைகிறது.

பணத்தைத் தவிரப் பார்க்கவேண்டியவை

அந்த 5,750 ரூபாய்க்கு ஈடாகப் பனிப்பந்து முறை சிலவற்றைத் தருகிறது. நான்காம் மாதத்திலிருந்து கட்டாயச் செலவு 7,400 ரூபாயிலிருந்து 5,900 ரூபாயாக இறங்குகிறது. நோய் வந்தாலோ கூலி வேலை கிடைக்காமல் போனாலோ, அந்த மாதத்தைச் சமாளிப்பது சற்று இலகுவாகும். பனிச்சரிவு முறையில் பதினோராம் மாதம் வரை 7,400 ரூபாயைக் கட்டியே ஆக வேண்டும்.

நகைக்கும் ஒரு கணக்கு உண்டு. அடகுக்குக் குறித்த தவணைக் காலம் இருக்கிறது. பெரும்பாலும் அது ஓராண்டு. அதற்குள் மீட்காமலோ வட்டி கட்டிப் புதுப்பிக்காமலோ விட்டால் நகை ஏலத்துக்குப் போகலாம். பனிச்சரிவு முறையில் நகை பதினேழாம் மாதத்தில்தான் மீளுகிறது. ஆகவே இடையில் புதுப்பிக்க வேண்டிய திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாதாமாதம் பகுதியாகக் கட்ட முடியுமா என்பதையும் அடகு வைத்த இடத்தில் கேளுங்கள்.

வட்டி வீதம் ஏமாற்றும் இடம்

வட்டியைப் பார்த்து வரிசைப்படுத்துவதானால் உண்மையான வட்டி தெரிய வேண்டும். குழுக்கடன்களிலும் நுண்கடன்களிலும் சொல்லப்படும் வீதம் பல வேளைகளில் முழுக் கடனுக்கும் முன்கூட்டியே கணக்கிட்ட வட்டியாக இருக்கும்.

50,000 ரூபாய் கடனுக்கு 20 வீதம் என்று 10,000 ரூபாய் வட்டி சேர்த்து, மாதம் 5,000 ரூபாயாகப் பன்னிரண்டு மாதத்தில் கட்டச் சொன்னால், உண்மையான ஆண்டு வட்டி சுமார் 35 வீதம். ஏனெனில் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 50,000 ரூபாய்க்கும் போடப்பட்டுள்ளது. தாளில் 20 என்று இருக்கும் இந்தக் கடன் உண்மையில் 28 வீதக் கடனட்டையைவிட விலை கூடியது.

ஆனால் இந்தக் கடனை முதலில் அடைக்க ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "முன்கூட்டியே கட்டி முடித்தால் மீதி வட்டியில் எவ்வளவு கழிப்பீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். எதுவும் கழிக்கமாட்டோம் என்றால், முன்கூட்டிக் கட்டுவதால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அந்தக் கடனைத் தவணைப்படி கட்டிக்கொண்டு, மேலதிகப் பணத்தைக் கடனட்டைக்குக் கொடுங்கள்.

அறுவடைப் பணம் வரும்போது

வயலை நம்பிய குடும்பத்துக்குப் பெரும்போகமும் சிறுபோகமும் முடியும்போதுதான் பணம் மொத்தமாக வருகிறது. அதிலிருந்து அடுத்த போகத்துக்கான விதை, உரம், உழவுக் கூலியையும், அடுத்த அறுவடை வரையான கட்டாயத் தவணைகளையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மிச்சத்தை மட்டும் கடனுக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்துவிட்டு உரத்துக்காகப் புதிய நுண்கடன் எடுத்தால், 28 வீதக் கடனை அடைத்து 35 வீதக் கடன் வாங்கியதாகும்.

கடனட்டையை அடைக்கும் காலத்தில் அதில் புதிதாகப் பொருள் வாங்காதீர்கள். பழைய மீதி இருக்கும்போது புதிய கொள்வனவுக்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைப்பதில்லை. மாதக் கூற்றில் மீதி குறையவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

மாத வருமானம் நிலையாக இருந்து, பத்து மாதம் எந்தக் கடனும் முடியாமல் பொறுத்திருக்க முடியுமானால் பனிச்சரிவு முறை இலாபமானது. வருமானம் ஏறி இறங்குமானால் சிறிய கடன் ஒன்றை முதலில் முடித்துக் கட்டாயத் தவணையைக் குறைத்துவிட்டு, பின்னர் வட்டி கூடியதற்கு மாறலாம். இந்தக் குடும்பம் கடைத் தவணையை மட்டும் முதலில் முடித்துவிட்டுக் கடனட்டைக்குத் திரும்பினால், மிச்சத்தின் பெரும்பகுதி அவர்களுக்குக் கிடைக்கும்.

ஒரு தாளில் ஒவ்வொரு கடனின் மீதி, உண்மையான வட்டி, மாதத் தவணை, கடைசித் திகதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். கட்டாயத் தவணைகளுக்கே பணம் போதாவிட்டால் இந்த இரண்டு முறைகளும் உதவா. அப்போது தவணை தவறுவதற்கு முன்னரே கடன் தந்த நிறுவனத்துக்குப் போய்த் தவணைக் காலத்தை நீடிக்கக் கேளுங்கள். வங்கியோ உரிமம் பெற்ற நிதி நிறுவனமோ உங்கள் முறைப்பாட்டுக்குப் பதில் தராவிட்டால், மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.