மீதிக் கணக்கில் ஒரு பூட்டு

குறியாக்கவியல் பாடம் எடுத்த மாணவர்கள் பலர் மிரண்டு நிற்கும் இடம் ஆர்எஸ்ஏ. 1977இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் என்ற மூவர் உருவாக்கிய முறை இது. இதைப் புரிந்துகொள்ள நுண்கணிதமும் வேண்டாம், திரிகோணமிதியும் வேண்டாம். மீதி, மீப்பெரு பொது வகுத்தி, நேர்மாறு, அடுக்கு ஆகிய நான்கும் கைவசம் இருந்தால் போதும். முதல் இரண்டும் தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பெரும்பாலும் கால் இடறுவது மூன்றாவதில், அதாவது வகுத்தலில்.

கூட்டலாம், பெருக்கலாம், வகுக்க முடியுமா?

இன்று புதன்கிழமை என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? 100ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே வெள்ளி. ஈவு எத்தனை என்று யாரும் கவலைப்படுவதில்லை; மீதி மட்டுமே பேசுகிறது. மட்டு எண்கணிதம் என்பது இதுதான். 100-உம் 2-உம் 7ஆல் வகுக்கும்போது ஒரே மீதி தருவதால், 100 ≡ 2 (mod 7) என்று எழுதுகிறோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றிலும் எந்த எண்ணையும் அதன் மீதியால் மாற்றிக்கொள்ளலாம், விடை மாறாது.

வகுத்தலில் அந்தச் சுதந்திரம் இல்லை. 6 × 2 = 12, 6 × 7 = 42. இரண்டையும் 10ஆல் வகுத்தால் மீதி 2தான். இரு பக்கமும் 6ஐ அடித்துவிட்டால் 2-உம் 7-உம் சமம் என்றாகிவிடும். அது தவறு. 6க்கும் 10க்கும் 2 என்ற பொது வகுத்தி இருப்பதால் வந்த வினை இது.

இந்தக் கணக்கில் வகுத்தல் என்பது நேர்மாறால் பெருக்குவது. 3இன் நேர்மாறு, 3ஆல் பெருக்கினால் மீதி 1 தரும் எண். mod 10இல் 3 × 7 = 21, மீதி 1. ஆகவே 3இன் நேர்மாறு 7. 6ஐ எதனால் பெருக்கினாலும் இரட்டை எண்தான் வரும், 1 வராது. அதனால் 6க்கு நேர்மாறே கிடையாது. எண்ணுக்கும் மட்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 1 ஆக இருந்தால் மட்டுமே நேர்மாறு உண்டு. அப்படிப்பட்ட எண்களைச் சார்பகா எண்கள் என்கிறோம்.

ஒரு சின்ன ஆர்எஸ்ஏ

5, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 55. இதை ஊருக்கே சொல்லலாம். அடுத்து, ஒவ்வொன்றிலும் 1 குறைத்துப் பெருக்கினால் 4 × 10 = 40. இது ரகசியம். 40உடன் பொது வகுத்தி இல்லாத ஓர் எண்ணாக 7ஐத் தேர்ந்தெடுப்போம். 55-உம் 7-உம் சேர்ந்ததே பொதுச் சாவி.

தனிச் சாவி, mod 40இல் 7இன் நேர்மாறு. அதைத் தேட யூக்ளிடின் வழி இருக்கிறது:

40 = 5 × 7 + 5
7 = 1 × 5 + 2
5 = 2 × 2 + 1

கடைசி மீதி 1, ஆகவே நேர்மாறு உண்டு. இனி கீழிருந்து மேலே ஏற வேண்டும்:

1 = 5 − 2 × 2
1 = 3 × 5 − 2 × 7
1 = 3 × 40 − 17 × 7

7ஐ −17ஆல் பெருக்கினால் மீதி 1 என்கிறது கடைசி வரி. −17உடன் 40ஐக் கூட்டினால் 23. சரிபார்க்க: 7 × 23 = 161 = 4 × 40 + 1. தனிச் சாவி 23.

இப்போது 8 என்ற செய்தியை அனுப்புவோம். 8இன் 7ஆம் அடுக்கை 55ஆல் வகுத்த மீதி வேண்டும். 8² = 64, மீதி 9. 8⁴ என்பது 9² = 81, மீதி 26. 7 = 4 + 2 + 1 என்பதால் 26 × 9 × 8. முதலில் 26 × 9 = 234, மீதி 14; பிறகு 14 × 8 = 112, மீதி 2. அனுப்பப்படுவது 2.

பெறுபவர் 2இன் 23ஆம் அடுக்கைக் காண வேண்டும். 23 = 16 + 4 + 2 + 1. 2⁴ = 16; 2⁸ = 256, மீதி 36; 2¹⁶ என்பது 36² = 1296, மீதி 31. 31 × 16 = 496, மீதி 1. அதை 4ஆலும் 2ஆலும் பெருக்கினால் 8. செய்தி திரும்பிவிட்டது.

இது ஆய்லர் தேற்றத்தின் வேலை. 55க்குக் கீழே 55உடன் சார்பகாவான எண்கள் 40. அவற்றில் எதை 40ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1. பூட்டும்போது 7, திறக்கும்போது 23, ஆக மொத்தம் 161ஆம் அடுக்கு. அதில் 160 அடுக்கு 1ஆகக் கரைந்துபோக, ஓர் அடுக்கு மிஞ்சுகிறது. அதுதான் செய்தி.

55ஐப் பார்த்ததுமே 5-உம் 11-உம் தெரிந்துவிடும். இன்று பரவலாகப் பயன்படும் 2048 பிட் சாவியில் அந்த எண் 617 இலக்கம். 250 இலக்க எண் ஒன்றை ஆய்வாளர்கள் 2020இல்தான் பகுத்தார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மேலே சொன்ன முறையில் 8ஐ எத்தனை முறை அனுப்பினாலும் 2தான் வரும். ஒட்டுக்கேட்பவருக்கு அதுவே துப்பு. அதனால் நடைமுறையில் செய்தியோடு தற்போக்கு எண்களையும் கலந்தே பூட்டுகிறார்கள்.

நான்கு வாரத் திட்டம்

*முதல் வாரம், மீதி.* mod 7, mod 10 இரண்டுக்கும் பெருக்கல் அட்டவணையைக் கையால் போடுங்கள். mod 7இல் பூச்சியத்தைத் தவிர எல்லா வரிசையிலும் ஒரு 1 இருக்கும். mod 10இல் 1, 3, 7, 9 வரிசைகளில் மட்டுமே இருக்கும். காரணத்தை உங்கள் சொற்களில் சொல்ல முடிந்தால் அடுத்த வாரத்துக்குப் போகலாம். குறை எண்களையும் பழகுங்கள். `-17 % 40` என்பதற்குப் பைத்தான் 23 தரும். சி, ஜாவா இரண்டும் −17 என்றே தரும்.

*இரண்டாம் வாரம், யூக்ளிட்.* தினமும் சில ஜோடி எண்களுக்கு மீப்பெரு பொது வகுத்தி காணுங்கள். காரணிப்படுத்தாமல், வகுத்து வகுத்தே செல்லுங்கள். பெரிய எண்ணுக்குக் கைகொடுப்பது இந்த வழிதான்.

*மூன்றாம் வாரம், நேர்மாறு.* கீழிருந்து மேலே ஏறும் படிக்கு வாரம் முழுவதையும் கொடுங்கள். ஒவ்வொரு வரியிலும் மீதியை மட்டும் பிரித்து எழுதுங்கள்; வகுத்த எண்களைப் பெருக்கிச் சுருக்கிவிடாதீர்கள். 3 × 40 − 17 × 7 என்பதை 120 − 119 என்று எழுதிவிட்டால் தேடிய எண் காணாமல் போய்விடும். விடையைப் பெருக்கி மீதி 1 வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கணக்குக்குப் போங்கள்.

*நான்காம் வாரம், அடுக்கு.* வர்க்கம் எடுத்து உடனே மீதி காணும் பழக்கம் வர வேண்டும். அடிக்கடி நேரும் தவறு, 40 நிற்க வேண்டிய இடத்தில் 55ஐ வைப்பது. mod 55இல் 7இன் நேர்மாறு 8. அதைச் சாவியாக வைத்துத் திறந்தால் 2⁸, மீதி 36. செய்தி 8 வராது. அடிஎண்ணை 55ஆல் குறைக்கலாம், அடுக்கை 40ஆல்தான் குறைக்க வேண்டும்.

கடைசியாக 3, 11 என்ற பகா எண்களையும் பொது அடுக்காக 3ஐயும் வைத்து முழுக் கணக்கையும் போடுங்கள். தனிச் சாவி 7 வர வேண்டும்; 4 என்ற செய்தி 31ஆக மாற வேண்டும். திறக்கும்போது 31ஐ −2 என்று எடுத்துக்கொண்டால் வேலை சுருங்கும். கையால் போட்டு முடித்தபின் பைத்தானில் (3.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு) சரிபார்க்கலாம்:

```python
print(pow(3, -1, 20))  # 7
print(pow(4, 3, 33))   # 31
print(pow(31, 7, 33))  # 4
```

மூன்று வரியும் உங்கள் தாளில் உள்ள விடைகளோடு பொருந்தினால் ஆர்எஸ்ஏ பகுதிக்கு நீங்கள் தயார். டிஃபி-ஹெல்மன் வரும்போது மூல உறுப்புகளும், நீள்வட்ட வளைவுகள் வரும்போது குலங்களும் புதிதாகச் சேரும். அங்கேயும் முதலில் கேட்கப்படும் கேள்வி, இந்த எண்ணுக்கு நேர்மாறு உண்டா என்பதுதான்.