‘ஏன்’ என்பது ‘எப்போது’ ஆகும் வரை

“ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபா! மெஷின்ல காசு வரல, அக்கவுன்ட்ல மட்டும் கழிஞ்சிடுச்சு. நாளைக்குப் பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். உங்களுக்கு என்ன, ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கீங்க!”

“சார், கொஞ்சம் அமைதியா பேசுங்க. வெரிஃபிகேஷனுக்கு உங்க பிறந்த தேதி சொல்லுங்க.”

“என்னது? என் பணம் எங்கேன்னு கேட்டா, நீ என் பிறந்த தேதியைக் கேட்கிறியா?”

வங்கி உதவி மையங்களில் அன்றாடம் வருகிற அழைப்பு இது. கால் சென்டரில் பதிவான அழைப்புகளைக் கேட்டு, எங்கே தவறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த உரையாடலில் நான் முதலில் கவனிப்பது சத்தத்தை அல்ல. ‘உங்களுக்கு’ என்று பேசிக்கொண்டிருந்தவர் ‘நீ’ என்று இறங்கிய இடத்தைத்தான். அவரை இறக்கியது மெஷின் இல்லை; “அமைதியா பேசுங்க” என்ற சொல்.

அந்த ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், பணம் போன தவிப்பில் இருப்பவர் காதில் அது ‘உங்கள் பணத்தைவிட உங்கள் சத்தம்தான் எனக்குப் பிரச்சினை’ என்று விழுகிறது. “டென்ஷன் ஆகாதீங்க”, “நான் சொல்றதை முதல்ல கேளுங்க” என்பவையும் இப்படித்தான். கோபத்தை அடக்கச் சொல்லும் எந்தச் சொல்லும் கோபத்தை அடக்குவதில்லை.

இதே அழைப்பை வேறு விதமாக நடத்திப் பார்ப்போம்.

முதல் அரை நிமிடம்

கோபமாகப் பேசுகிறவர் லைன் கிடைப்பதற்கு முன்பே தான் சொல்லப்போவதை மனதுக்குள் பல முறை சொல்லிப் பார்த்திருப்பார். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்பதில் தொடங்கிப் பல எண்களை அழுத்திவிட்டுத்தான் ஒரு மனிதக் குரலை அடைகிறார். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசக் கூடாது. தடுத்தால் முதலிலிருந்து தொடங்குவார். பெரும்பாலும் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்குவார்.

அதற்காக ஊழியர் ஊமையாக இருக்கவும் கூடாது. நேரில் என்றால் முகம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். போனில் மௌனம் என்றால் லைன் கட்டாகிவிட்டதோ, மியூட்டில் போட்டுவிட்டார்களோ என்று தோன்றும். அதனால் “ம்ம்… சொல்லுங்க சார்”, “சரி… எந்த ஏ.டி.எம். சார் அது?” என்று இடையிடையே ஒலி கொடுக்க வேண்டும். குரல் அவருடையதைவிட ஒரு படி தணிவாகவும் மெதுவாகவும் இருக்கட்டும். திடீரென்று கிசுகிசுப்பாகப் பேசினால் நடிப்பாகத் தெரியும். அவர் வேகத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, வாக்கியத்துக்கு வாக்கியம் இறங்கி வந்தால் அவரும் கூடவே இறங்குவார்.

அவர் சொன்னதை அவரிடமே

அவர் நிறுத்தியதும் முதலில் சொல்ல வேண்டியது மன்னிப்பு அல்ல. அவர் சொன்ன விவரம்.

“சார், ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபா அக்கவுன்ட்ல கழிஞ்சிருக்கு, கையில காசு வரல. நாளைக்குப் பையனுக்கு ஃபீஸ் வேற கட்டணும். சரியா சார்?”

“ஆமா… அதான்.”

அந்த “ஆமா”தான் அழைப்பின் முதல் திருப்பம். அதுவரை எதிர்த்துப் பேசியவர் முதன்முறையாக ஒத்துப்போகிறார். தொகையையும் ஃபீஸையும் அவர் சொன்னபடியே திருப்பிச் சொன்னதால் இவர் கேட்டிருக்கிறார் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிடுகிறது. “உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது”, “ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்பவை இந்த வேலையைச் செய்வதில்லை. அவை ஆங்கில ஸ்கிரிப்டிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை; ரயில் நிலைய அறிவிப்பு போல ஒலிப்பவை. வருத்தம் சொல்வதானால் ஒரே ஒரு முறை, இன்னதற்கு என்று சொல்ல வேண்டும்: “நாளைக்கு ஃபீஸ் கட்டுற நேரத்துல இப்படி ஆனதுக்கு மன்னிச்சுக்கோங்க சார்.”

பிறந்த தேதியைக் கேட்க வேண்டியது இதற்குப் பிறகுதான். அதையும் காரணத்தோடு கேட்க வேண்டும்: “உங்க கணக்கை வேற யாரும் பார்த்துடக் கூடாது, அதனால ரெண்டு கேள்வி மட்டும் கேட்டுக்கறேன் சார்.” அதே கேள்விதான், இப்போது அது அவருடைய பணத்துக்குக் காவலாகிவிடுகிறது.

பழி சொல்லாத வினைச்சொல்

கணக்கைத் திறந்து பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. பதிவில் இருப்பது அவருடைய பழைய செல்போன் எண். பணம் கழிந்த எஸ்.எம்.எஸ். வராததற்கு அதுதான் காரணம். இதை எப்படிச் சொல்வது?

“நீங்க நம்பரை மாத்தாம விட்டுட்டீங்க சார்” என்றால் மறுபடியும் சண்டை. “பழைய நம்பரே பதிவுல இருக்கு சார், அதான் மெசேஜ் வரல” என்றால் இல்லை. இரண்டும் ஒரே உண்மை. முதல் வாக்கியத்தில் எழுவாய் ‘நீங்க’, இரண்டாவதில் ‘நம்பர்’. ‘மாத்திட்டீங்க’ என்பதற்கு ‘மாறியிருக்கு’, ‘கட்டல’ என்பதற்கு ‘பாக்கி நிக்குது’ என்று, செய்தவரைச் சுட்டாமல் நடந்ததை மட்டும் சொல்லத் தமிழில் வினைச்சொற்கள் தயாராக இருக்கின்றன. பொய் சொல்லாமலே பழியைத் தவிர்க்கலாம்.

‘நாங்க’, ‘நாம’ இரண்டும் அப்படித்தான். “நாங்க பார்க்கிறோம்” என்பதில் வாடிக்கையாளர் வெளியே நிற்கிறார். “நாம இப்பவே புகார் போட்டுடலாம் சார்” என்றதும் உள்ளே வந்துவிடுகிறார். ஆனால், வாக்குக் கொடுக்கும் இடத்தில் ‘நாம’ கூடாது. பொறுப்பு யாருடையது என்பது மங்கிவிடும். அங்கே ‘நான்’தான்: “நான் பதிவு பண்றேன்.”

பெண் குரல் கேட்டால் “அம்மா” என்பதா “மேடம்” என்பதா என்ற குழப்பம் பலருக்கு உண்டு. அவர் எப்படிப் பேசுகிறாரோ அதைப் பின்பற்றுவது நல்லது. “சொல்லுப்பா” என்று பேசும் பெரியவருக்கு “சொல்லுங்கம்மா” இதமாக இருக்கும். கோபத்தில் இருக்கும் இளம்பெண்ணை “அம்மா” என்றால் அலட்சியமாகப் படும்.

கையில் கொடுக்க ஒரு தேதி

இதுவரை செய்ததெல்லாம் காதைத் திறக்கத்தான். திறந்த காதில் போட ஒரு உறுதியான செய்தி வேண்டும். இந்த அழைப்பில் அது இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஏ.டி.எம்.மில் காசு வராமல் கணக்கில் கழிந்த பணத்தை, அந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி திருப்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலே வரவு வைக்க வேண்டும்.

“சார், இது நடந்தது 3-ஆம் தேதி. 8-ஆம் தேதிக்குள்ள பணம் உங்க கணக்குக்குத் திரும்பி வரணும். அது ரிசர்வ் பேங்க் விதி. அதைத் தாண்டினா, ஒரு நாளைக்கு நூறு ரூபா சேர்த்துக் கொடுக்கணும்.”

“எட்டாம் தேதியா? நாளைக்கு ஃபீஸுக்கு நான் என்ன பண்றது? இன்னைக்கே போட முடியாதா?”

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். “இன்னைக்கே வந்துடும் சார்” என்று சொன்னால் அழைப்பு இனிதாக முடியும். மறுநாள் அதே மனிதர் இரு மடங்கு கோபத்தோடு இன்னொரு ஊழியரிடம் வருவார். “அது முடியாது சார், ரூல் அப்படி” என்று வெட்டினாலும் பயனில்லை. முடியாததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முடிந்ததில் நிற்க வேண்டும்:

“இன்னைக்கே வரும்னு நான் சொன்னா அது பொய்யாயிடும் சார். மெஷின்ல இருக்கிற காசையும் அதோட பதிவையும் ஒத்துப் பார்த்துதான் திருப்புவாங்க. இப்ப புகார் எண் தர்றேன். அதையும் கணக்கு விவரத்தையும் காலேஜ்ல காட்டி ஒரு வாரம் டைம் கேட்டுப் பாருங்க. பேனா எடுத்துக்கோங்க, நான் காத்திருக்கேன்.”

பேனா தேடப் போகும் அந்தச் சில நொடிகள் எந்த ஆறுதல் சொல்லையும்விடப் பெரியவை. கைக்கு ஒரு வேலை வந்ததும் குரல் இறங்கும். எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துச் சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும்.

நடுவில் ஹோல்டில் போட வேண்டியிருந்தால் அனுமதி கேட்டு, நேரம் சொல்லிப் போட வேண்டும்: “ரெண்டு நிமிஷம் லைன்ல இருப்பீங்களா சார்?” இரண்டு நிமிடத்தில் விடை கிடைக்காவிட்டாலும் திரும்பி வந்து, “இன்னும் பார்த்துட்டிருக்கேன் சார், இன்னொரு நிமிஷம்” என்று சொல்லியாக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வருகிற குரல் சொன்ன தேதியையும் காப்பாற்றும் என்று அவர் நம்பத் தொடங்குவது அங்கேதான்.

சொல் எட்டாத இடம்

எல்லா அழைப்பும் இப்படி இறங்கி வராது. மேலாளரிடம்தான் பேசுவேன் என்று நிற்பவரைத் தடுத்துப் பயனில்லை. “சூப் கால்” என்று ஊழியர்கள் சொல்லும் அந்த மாற்றத்துக்கு முன், நடந்ததை டீம் லீடரிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தால், வாடிக்கையாளர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நிலைமையைத் திட்டுவதும் ஆளைத் திட்டுவதும் ஒன்றல்ல. “உங்க பேங்க் உருப்படுமா” என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெண்களை இழுக்கும் கெட்ட வார்த்தையைப் பொறுக்க வேண்டியதில்லை: “சார், உங்க பணத்துக்கு உதவி பண்ணணும்னுதான் லைன்ல இருக்கேன். இந்த மாதிரி வார்த்தை வந்தா என்னால தொடர முடியாது.” மறுபடியும் அதே பேச்சு வந்தால், “லைனை வைக்கிறேன் சார், அப்புறம் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வைக்கலாம். இந்த உரிமையை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். அப்படிப்பட்ட அழைப்புக்குப் பிறகு அடுத்த மணி அடிப்பதற்குள், தண்ணீர் குடித்து மூச்சு வாங்க ஐந்து நிமிடமாவது தர வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கசப்பு அடுத்து வருகிற அப்பாவி வாடிக்கையாளர் தலையில்தான் விடியும்.

கோபம் தணிந்ததை எப்படி அறிவது? நான் இரண்டு அடையாளங்களைத் தேடுவேன். “ஏன் இப்படி ஆச்சு?” என்ற கேள்வி, “எப்போ வரும்?” என்று மாறும். கீழே இறங்கிய ‘நீ’, மறுபடியும் ‘நீங்க’ ஆகும். அதற்கு முன் தீர்வைச் சொன்னால் காதில் ஏறாது.

“எட்டாம் தேதி வரலைன்னா நான் யாரைக் கூப்பிடணும்? உங்களையேவா?”

“இதே நம்பருக்குக் கூப்பிடுங்க சார். யார் எடுத்தாலும் புகார் எண்ணைச் சொன்னா போதும். உங்களுக்கு எட்டாம் தேதின்னு சொன்னதை இங்க எழுதி வெச்சிருக்கேன்.”

இந்தக் கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். லைனை வைத்ததும் குறிப்பில் ‘கோபமான வாடிக்கையாளர்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘8-ஆம் தேதிக்குள் பணம், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் எனச் சொல்லப்பட்டது, மகனின் கல்லூரிக் கட்டணம்’ என்று எழுதினால், 9-ஆம் தேதி அவர் கூப்பிட நேர்ந்தால் எடுக்கிறவர் இப்படித் தொடங்கலாம்: “சார், பையனோட ஃபீஸுக்காக எடுக்கப் போன ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபா விஷயம்தானே? நேத்தே வந்திருக்கணும்.”