அப்டேட்டுக்குப் பிறகு அமுங்கிய ஒலி

நேற்றுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த புளூடூத் இயர்பட்ஸ், ஆண்ட்ராய்டு போனில் அப்டேட் ஏறிய மறுநாளே முனக ஆரம்பிக்கிறது. வால்யூம் கோட்டைக் கடைசிவரை இழுத்தாலும் பாட்டு அமுங்கியே கேட்கிறது. போனின் சொந்த ஸ்பீக்கரிலோ எந்தக் குறையும் இல்லை. உடனே பலரும் சொல்லும் வைத்தியம், “கேஷைக் கிளியர் பண்ணு” என்பதுதான். இந்தக் கோளாறுக்கு அது பெரும்பாலும் உதவாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் குற்றவாளி அப்டேட்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதே இயர்பட்ஸை வீட்டிலுள்ள வேறொரு போனில் இணைத்து, அதே பாட்டைப் போடுங்கள். அங்கும் சத்தம் குறைவு என்றால், வலையில் காதழுக்கு அடைத்திருக்கலாம். அப்டேட் பாவம், தற்செயலாக அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. மற்ற போனில் சரியாகக் கேட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

புளூடூத்தில் இரண்டு இடங்களில் வால்யூம் இருக்கிறது: போனில் ஒன்று, இயர்பட்ஸுக்குள் ஒன்று. இப்போதைய போன்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. நீங்கள் போனில் கோட்டை நகர்த்தினால், 0 முதல் 127 வரை ஓர் எண்ணைப் போன் அனுப்பும். இயர்பட்ஸ் அதற்கேற்ப ஒலியைக் கூட்டும், குறைக்கும். இந்த வசதியெல்லாம் எந்த இயர்பட்ஸுக்கு உண்டு என்பதை, முதன்முதலில் ஜோடி சேர்க்கும்போதே போன் குறித்து வைத்துக்கொள்கிறது. அப்டேட்டில் போனின் புளூடூத் மென்பொருள் மாறுகிறது, குறிப்பு மட்டும் பழையதாகவே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது போன் உச்சத்தில் இருக்கும், இயர்பட்ஸ் பாதியில் நின்றுவிடும்.

ஆகவே முதல் வைத்தியம், அந்தக் குறிப்பை அழித்துப் புதிதாக எழுத வைப்பது. புளூடூத் பட்டியலில் இயர்பட்ஸின் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டு Forget அல்லது Unpair கொடுங்கள். போனை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஜோடி சேருங்கள். வெறுமனே துண்டித்து இணைத்தால் குறிப்பு அழியாது. இதே பக்கத்தில் பாட்டுக்கும் அழைப்புக்கும் தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். அழைப்பு வருகிறது, பாட்டு மட்டும் கேட்கவே இல்லை என்பவர்கள் அங்கே Media audio அணைந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

அதிலும் சரியாகவில்லையா? இரண்டு வால்யூமையும் பிரித்துவிடலாம். About phone பகுதியில் Build number என்பதை ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Disable absolute volume என்பதை ஆன் செய்துவிட்டுப் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி போனுக்குத் தனி வால்யூம், இயர்பட்ஸுக்குத் தனி வால்யூம். இயர்பட்ஸின் வால்யூமை அதன் பட்டனிலோ தொடுதலிலோதான் கூட்ட வேண்டும்; அந்த வசதியே இல்லாத மாடல் என்றால் இந்த வழி கைகொடுக்காமல் போகலாம். ஓர் எச்சரிக்கை: இதைச் செய்தபின் முதல் பாட்டைக் குறைந்த வால்யூமில் வைத்துவிட்டுக் காதில் மாட்டுங்கள். சத்தம் திடீரென்று அறையக்கூடும். பலன் இல்லையென்றால் சுவிட்சைப் பழையபடி மாற்றிவிடுங்கள், அந்தப் பட்டியலில் வேறு எதையும் தொட வேண்டாம்.

இப்போது கேஷுக்கு வருவோம். ஜோடிக் குறிப்பு கேஷில் இருப்பதில்லை, போனின் நிரந்தரத் தரவுப் பகுதியில் இருக்கிறது. கேஷைத் துடைப்பது அதைத் தொடுவதே இல்லை. அது உதவுவது வேறு சூழலில்: ஒரே ஒரு செயலியில் மட்டும் ஒலி திக்குகிறது, மற்றவற்றில் சரியாக இருக்கிறது என்றால் அந்தச் செயலியின் Storage பக்கத்தில் Clear cache கொடுக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் Clear storage அல்லது Clear data வேறு சங்கதி. லாகின் போய்விடும், இறக்கி வைத்த பாட்டுகளும் போய்விடும்.

சில போன்களின் ரெக்கவரி திரையில் Wipe cache partition என்று ஒன்று உண்டு. அது படங்களையோ தொடர்புகளையோ அழிக்காது. ஆனால் அதற்கு அருகிலேயே Wipe data/factory reset நிற்கிறது, விரல் தவறினால் போனில் உள்ளதெல்லாம் போயிற்று. பல புதிய போன்களில் தனி கேஷ் பகுதியே கிடையாது. அந்த வரியைத் தேடிக் காணவில்லை என்றால் பதற வேண்டாம்.

ஈக்வலைசர் செயலி ஏதாவது நிறுவியிருந்தால் ஒருமுறை சேஃப் மோடில் போனைத் திறந்து கேளுங்கள். அப்போது வெளியிலிருந்து நிறுவிய செயலிகள் ஓடாது. சத்தம் அங்கே சரியாக இருந்தால் ஈக்வலைசரை நீக்கிவிடலாம்.

இத்தனைக்கும் மசியவில்லை, வேறு இயர்போன்களும் அதே போனில் முனகுகின்றன என்றால் கோளாறு அப்டேட்டிலேயே இருக்கலாம். அடுத்த திருத்தம் வரும்வரை ஒயர் இயர்போனில் கேட்பதே நல்லது. பொறுமையிழந்து ஃபேக்டரி ரீசெட் செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது உங்கள் தரவுகளை அழிக்குமே தவிர, போனைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோகாது.