படிகள் சமமாக இருக்கக்கூடாத ஏணி

ஓய்வூதியத்துக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 2.4 லட்சம் ரூபாய் தேவைப்படும் ஒருவரிடம் 10 லட்சம் இருக்கிறது. அதை ஐந்து ஆண்டுகளில் செலவழித்துவிட எண்ணுகிறார். மொத்தத்தையும் ஒரே பத்தாண்டு அரசுப் பத்திரத்தில் போட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், ஆனால் அசலைத் தொட வேண்டுமானால் சந்தையில் விற்றாக வேண்டும். அதற்குள் வட்டி விகிதம் ஏறியிருந்தால் பத்திரத்தின் விலை இறங்கியிருக்கும். சிறிய தொகை என்றால் வாங்க ஆள் கிடைப்பதே சிரமம்.

அதனால்தான் பணத்தைப் பிரித்து, 1, 2, 3, 4, 5 ஆண்டுகளில் முதிரும் பத்திரங்களில் போடுகிறார்கள். முதிர்வு நாளில் முழு முகமதிப்பையும் அரசே தந்துவிடும். அன்றைய சந்தை விலை எதுவானாலும் நமக்குக் கவலையில்லை.

எல்லோரும் முதலில் செய்வது, ஆளுக்கு இரண்டு லட்சம் என்று ஐந்து சமப் பங்குகள். வட்டி 7% என்று வைத்துக்கொண்டால், முதலாண்டில் அசலும் வட்டியுமாக 2.70 லட்சம் கைக்கு வரும். பத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தீரத் தீர வட்டியும் குறையும். ஐந்தாம் ஆண்டில் வருவது 2.14 லட்சம்தான். விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போது வரவு இப்படித் தேய்வது சரியல்ல. பின்னால் வரும் படிகளைப் பெரிதாக்க வேண்டும். 1.7, 1.9, 2.0, 2.1, 2.3 லட்சம் என்று பிரித்துப் பாருங்கள். மொத்தம் அதே 10 லட்சம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வருவது 2.40 லட்சத்துக்கும் 2.48 லட்சத்துக்கும் இடையில் நிற்கும். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதைத் தனியே கணக்கில் கொள்ளுங்கள். விலைவாசிக்கும் ஈடுகட்ட விரும்பினால் கடைசிப் படிகளை இன்னும் உயர்த்தி, முதல் ஆண்டுகளில் கொஞ்சம் குறைவாக எடுக்க வேண்டியிருக்கும்.

ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ‘ரீட்டெயில் டைரக்ட்’ கணக்கில் தனிநபர்கள் 10,000 ரூபாய் முதல் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில ஆண்டுகளில் முதிரும் பத்திரங்கள் பலவும் முன்பே வெளியானவை. அவற்றைச் சந்தையில்தான் வாங்க முடியும். 8% வட்டி தருகிறதே என்று, இரண்டு ஆண்டில் முதிரும் 100 ரூபாய்ப் பத்திரத்தை 103 ரூபாய்க்கு வாங்கினால், முடிவில் திரும்புவது 100தான். உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 6.4%. எனவே பத்திரத்தின் பெயரில் உள்ள வட்டியைப் பார்க்காமல், முதிர்வு வரைக்குமான யீல்டைப் பாருங்கள்.

தனியார் நிறுவனப் பத்திரம் கூடுதல் வட்டி காட்டினால், ‘கால் ஆப்ஷன்’ உண்டா என்று படித்துப் பாருங்கள். இருந்தால், வட்டி குறையும் காலத்தில் நிறுவனம் முன்கூட்டியே பணத்தைத் திருப்பிவிடலாம்; அந்தப் படியைக் குறைந்த வட்டியில்தான் மறுபடி கட்ட வேண்டிவரும். முதிர்வு நாள், பணம் தேவைப்படும் மாதத்துக்கு ஓரிரு மாதம் முன்பாகவே இருக்கட்டும்.