நீள்வட்டத்தின் சுற்றளவு: தொடரும் தொகையீடும் ஒரே வேகத்தில் ஓடுவது ஏன்?

வட்டத்துக்குச் சுற்றளவு 2πr. நீள்வட்டத்துக்குப் பரப்பளவு πab, அதுவும் சுலபம்தான். ஆனா நீள்வட்டத்தின் சுற்றளவுன்னு கேட்டா பள்ளிப் பாடப்புத்தகம் மௌனமாகிவிடும். காரணம் எளிது. கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம், சைன், லாக் போன்ற வழக்கமான சார்புகளை வைத்து முடிவுள்ள துல்லியமான சூத்திரம் எழுதவே முடியாது. ஒன்று முடிவில்லாத தொடர், இல்லையென்றால் கணினியில் எண்முறைத் தொகையீடு. இரண்டையும் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள நீள்வட்ட மேஜை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளிம்பைச் சுற்றி அலுமினிய பீடிங் ஒட்டணும். அரை நெட்டச்சு 50 செ.மீ., அரை குற்றச்சு 30 செ.மீ. கணக்கு எளிதாக இருக்க 10 செ.மீ.யை ஒரு அலகாக வைத்தால் a = 5, b = 3.

பலரும் கைக்கணக்காகப் போடுவது π(a+b). இதில் வரும் விடை 251.33 செ.மீ. இன்னொரு பிரபலமான சூத்திரம் 2π√((a²+b²)/2). அது தரும் விடை 259.06 செ.மீ. சரியான நீளமோ 255.27 செ.மீ. முதல் சூத்திரத்தை நம்பி வெட்டினால் பீடிங் கிட்டத்தட்ட 4 செ.மீ. குறையும், அடுத்ததை நம்பினால் அதே அளவு மிஞ்சும். சுவாரஸ்யம் என்னன்னா, இரண்டின் சராசரி 255.19. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிழை! இது தற்செயல் இல்லை, கீழே வரும். (2 மி.மீ. தடிமன் உள்ள பட்டியை வளைத்தால் அதன் நடுக்கோடு மேஜையைவிட 2π, அதாவது 6 மி.மீ.க்குச் சற்று கூடுதல் நீளம் கேட்கும். அது தனிக் கணக்கு.)

முதலில் தொடர். h = ((a−b)/(a+b))² என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு

```
P = π(a+b) (1 + h/4 + h²/64 + h³/256 + ...)
```

நம்ம மேஜைக்கு h = (2/8)² = 1/16. ஒவ்வொரு உறுப்பும் முந்தியதைவிடப் பதினாறு மடங்குக்கும் மேல் சிறுத்துக்கொண்டே போகும்.

அடுத்தது தொகையீடு. கால் நீள்வட்டத்தில் கோண அளவுரு t-யை 0 முதல் π/2 வரை n சம துண்டுகளாக வெட்டி, √(a²sin²t + b²cos²t) என்ற சார்பைச் சரிவக விதியால் கூட்டி, நான்கால் பெருக்கினால் போதும்.

```python
from math import pi, sin, cos, sqrt

def series(a, b, terms):
    h = ((a - b)/(a + b))**2
    c = s = 1.0
    for n in range(1, terms):
        c *= ((n - 1.5)/n)**2 * h
        s += c
    return pi*(a + b)*s

def trap(a, b, n):
    f = lambda t: sqrt((a*sin(t))**2 + (b*cos(t))**2)
    w = pi/2/n
    return 4*w*((a + b)/2 + sum(f(i*w) for i in range(1, n)))
```

கீழே முதல் எண் உறுப்புகளின் (அல்லது துண்டுகளின்) எண்ணிக்கை. அடுத்தது தொடரின் விடை, கடைசியில் சரிவக விதியின் விடை. சரியான மதிப்பு 25.5269988634.

```
1   25.132741   25.132741
2   25.525440   25.519489
3   25.526974   25.526753
4   25.526998   25.526989
```

முதல் வரியைப் பாருங்க. இரண்டும் ஒன்றே, ரெண்டுமே π(a+b). இரண்டாம் வரியின் 25.519489தான் நாம் மேலே பார்த்த "சராசரி"! அதாவது இரண்டு கைக்கணக்குகளையும் சராசரி எடுப்பவர் தனக்கே தெரியாமல் இரண்டு துண்டுச் சரிவக விதியைப் போடுகிறார்.

சரிவக விதின்னா துல்லியம் குறைந்த விதி, சிம்சன் விதிதான் உசத்தி என்று கல்லூரியில் படித்திருப்போம். அதே நாலு துண்டுகளுக்குச் சிம்சன் போட்டால் 25.529489 வருகிறது. பிழை 0.0025. சரிவக விதியின் பிழை 0.00001. சிம்சன் சுமார் 250 மடங்கு மோசம்!

ஏன்? சரிவக விதியின் பிழையை விரித்து எழுதினால், அது சார்பின் ஒற்றைப்படை வகைக்கெழுக்கள் இரு முனைகளிலும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. நம் சார்பு நெட்டச்சு முனையிலும் குற்றச்சு முனையிலும் கண்ணாடிப் பிம்பம் போலச் சமச்சீராகத் திரும்புகிறது. அதனால் அந்த வகைக்கெழுக்கள் எல்லாமே இரு முனைகளிலும் பூச்சியம். n-இன் அடுக்காகக் குறையும் பிழை மொத்தமாகக் காணாமல் போய், அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கும் பிழை மட்டும் மிஞ்சுகிறது. சிம்சன் விதியோ நாலு துண்டு விடையை நான்கால் பெருக்கி, இரண்டு துண்டு விடையைக் கழித்து, மூன்றால் வகுப்பதற்குச் சமம். ஏற்கெனவே நன்றாக இருந்த விடையோடு மோசமான பழைய விடையைக் கலக்குகிறது, அவ்வளவுதான்.

மிஞ்சிய பிழை எவ்வளவு வேகமாகச் சுருங்கும்? தொகையீட்டுச் சார்பை இப்படியும் எழுதலாம்:

```
(a+b)/2 · √(1 + h − 2√h cos 2t)
```

மறுபடியும் அதே h! ஒரு துண்டு கூட்டினால் பிழை தோராயமாக h மடங்காகிறது. தொடரில் ஒரு உறுப்பு கூட்டினாலும் அதே கதை. பார்க்க இரண்டு வெவ்வேறு முறைகள், ஆனால் இரண்டின் வேகத்தையும் தீர்மானிப்பது ஒரே எண். நம்ம மேஜைக்கு 12 துண்டுகளிலேயே கணினியின் இரட்டைத் துல்லிய எல்லையைத் தொட்டுவிடலாம்.

இதற்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீள்வட்டம் ஒல்லியாக ஒல்லியாக h ஒன்றை நெருங்கும், இரண்டு முறையும் சேர்ந்தே தள்ளாடும். a = 100, b = 1 என்றால் h சுமார் 0.96. நாலு உறுப்புத் தொடர் 399.19 என்கிறது, நாலு துண்டுச் சரிவகம் 395.66 என்கிறது. சரியான விடை 400.11. இரண்டுமே கீழிருந்து ஏறி வருகின்றன என்பதைக் கவனியுங்கள். ஆகவே இரண்டும் சில இலக்கங்கள் ஒத்துப்போவதை மட்டும் வைத்து விடை சரி என்று சொல்லிவிட முடியாது, ரெண்டுமே சேர்ந்து குறைவாக இருக்கலாம். n-ஐ இரட்டிப்பாக்கி விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதுதான் நல்ல சோதனை. இங்கே விடை 4a-வைவிடக் குறைவாக வந்தாலே சந்தேகப்பட வேண்டும். நெட்டச்சு வழியாகப் போய்த் திரும்பும் தூரமே 4a ஆச்சே.

கால்குலேட்டர் மட்டும் கையில் இருப்பவருக்கு இராமானுஜன் 1914-இல் வெளியிட்ட கட்டுரையில் தந்த சூத்திரம் இருக்கிறது. நம் குறியீட்டில்:

```
P ≈ π(a+b) (1 + 3h/(10 + √(4 − 3h)))
```

இதை விரித்தால் மேலே உள்ள தொடரோடு h⁴ வரை அச்சு அசலாக ஒத்துப்போகும், h⁵-இல்தான் முதல் வேறுபாடு. நம் மேஜைக்குப் பிழை சுமார் 6 × 10⁻¹⁰ அலகு. மீட்டரில் சொன்னால் ஒரு அணுவின் குறுக்களவைவிடக் குறைவு. ஒரே ஒரு வர்க்கமூலத்துக்கு இது ரொம்ப அதிகம்!

இந்தச் சூத்திரம் எங்கே மிக மோசமாகிறது? b = 0 ஆகும்போது. அப்போது h = 1, அடைப்புக்குள் 1 + 3/11 = 14/11. சரியான மதிப்பு 4/π ஆக இருக்கணும். 14/11-ஐ 4/π-க்குச் சமமாக வைத்தால் π = 22/7. பிழை 0.04 சதவீதம், அவரது சூத்திரம் இதைவிட மோசமாகப் போவதே இல்லை.