பார்வை எண்ணிக்கை சொல்லாதது

பேக்கரிக்காரருக்கு வீடியோ எடிட்டர் மாதக் கடைசியில் அனுப்பும் மின்னஞ்சல், பார்வை எண்ணிக்கையில் தொடங்கக் கூடாது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. உடனே தள்ளிவிட்டுப் போனவரும் அதில் சேர்த்தி.

பார்க்க வேண்டியது, எந்த நொடியில் விலகினார்கள் என்று காட்டும் வரைபடம். 30 நொடி கேக் வீடியோவில் 4-வது நொடியில், கடை லோகோ வரும்போது, கோடு சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சல் இப்படிப் போகலாம்:

“சார், லோகோ வந்ததும் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அடுத்த மாதம் இரண்டு வீடியோவை கேக் வெட்டும் காட்சியில் தொடங்குகிறேன். மற்ற இரண்டும் பழையபடி. ஒப்பிட்டுப் பார்க்கலாம். காட்சிகளை 12-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். வீடியோ பார்த்து ஆர்டர் கொடுத்தவர்களைக் கடையில் குறித்து வையுங்கள். அது என் திரையில் தெரியாது.”