மார்ச் மாத வேலை, ஏப்ரல் மாத பில்

துப்புரவுப் பணியாளர்களையும் காவலாளிகளையும் ஆஸ்பத்திரிகளுக்கும் மில்களுக்கும் அனுப்பும் ஏஜென்சிகள் மாதம் முடிந்த கையோடு பில் போட்டுவிடுவதில்லை. முதலில் சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டைக் கூட்டி மொத்தம் எத்தனை டியூட்டி என்று எழுதுவார். அதில் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் லீவில் இருந்தால் இரண்டு நாள் தள்ளும். கையெழுத்து வந்த பிறகுதான் பில். ஆக, மார்ச் மாத வேலைக்கான பில் ஏப்ரல் 5-ஆம் தேதியோ 7-ஆம் தேதியோதான் கிளம்பும். இடையில் மார்ச் 31 வந்து போய்விடுகிறது. நம் நாட்டில் அன்றோடு கணக்கு ஆண்டு முடிகிறது.

வேலை முடிந்துவிட்டது. பில் இல்லை. இந்த வருமானம் எந்த ஆண்டுடையது?

பில் புத்தகத்தை மட்டும் பார்த்து விற்பனை எழுதும் கணக்குப்பிள்ளை 'ஏப்ரல் பில்தானே, அடுத்த வருஷம்' என்பார். பழைய ஒப்பந்தங்களில் இதனால் பெரிதாக ஒன்றும் தெரியவராது. போன மார்ச் மாத பில் இந்த ஏப்ரலில் விழுந்திருக்கும், இந்த மார்ச் பில் அடுத்த ஏப்ரலுக்குப் போகும். வருஷத்துக்குப் பன்னிரண்டு பில் கணக்காக இருக்கிறதே என்று முதலாளியும் திருப்தியாக இருப்பார். ஒப்பந்தம் ஆண்டின் நடுவில் தொடங்கினாலோ, ரேட் ஏறினாலோ, ஆள் எண்ணிக்கை மாறினாலோதான் இது அம்பலமாகும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். கோவையில் இப்படி ஓர் ஏஜென்சி. ஜனவரி 1 முதல் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நாற்பது பேரை அனுப்பத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டியூட்டிக்கு ஆஸ்பத்திரி தரும் ரேட் 700 ரூபாய். சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து ஏஜென்சிக்கு ஆகும் செலவு 600 ரூபாய். ஜனவரியில் 1,030 டியூட்டி, பிப்ரவரியில் 940, மார்ச்சில் 1,012.

மார்ச் 31 நிலவரப்படி பில் போனது ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்துக்குத்தான்: 13,79,000 ரூபாய். செலவோ மூன்று மாதத்துக்கும் ஏறிவிட்டது. மார்ச் சம்பளத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்தாலும், அது மார்ச் மாதச் செலவு என்பதில் எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் சந்தேகம் வருவதில்லை. 'கொடுக்க வேண்டிய சம்பளம்' என்று எழுதிவிடுவார். மூன்று மாதச் செலவு 17,89,200 ரூபாய். கழித்துப் பார்த்தால் இந்த ஒப்பந்தத்தில் 4,10,200 ரூபாய் நஷ்டம்!

உண்மையில் நஷ்டம் இல்லை. மார்ச் மாத வேலைக்கான 7,08,400 ரூபாயைச் சேர்த்தால் வருமானம் 20,87,400, லாபம் 2,98,200. ஒரே ஒப்பந்தம், அதே ஆட்கள், அதே ரேட். ஒரு மாத வருமானத்தை விட்டதில் லாபம் நஷ்டமாகிவிட்டது. இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இது கட்டுப்படியாகாது, விட்டுவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. செலவுக்குக் காட்டிய நியாயத்தை வருமானத்துக்குக் காட்டாததுதான் கோளாறு.

சரிசெய்ய ஒரே ஒரு ஜர்னல் என்ட்ரி போதும். மார்ச் 31 தேதியிட்டு, 'பில் போடாத வரவேண்டிய தொகை' என்ற கணக்கில் 7,08,400 பற்று. சேவை வருமானத்தில் அதே தொகை வரவு. வருமானம் லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். அதன் ஜோடியான வரவேண்டிய தொகை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக உட்காரும்.

இதில் ஜிஎஸ்டி சேராது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிஎஸ்டி ஏஜென்சியின் வருமானமே அல்ல; அரசுக்காக வசூலித்துக் கட்டுவது. சட்டம் சொல்லும் கெடுவுக்குள் பில் போட்டுவிட்டால் வரி பில் தேதியைப் பிடித்துத்தான் வரும். ஆகையால் மார்ச் என்ட்ரியில் வரி இல்லை, ஏப்ரல் பில்லில் உண்டு. இதனால் பேரேட்டில் உள்ள விற்பனையும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் உள்ள விற்பனையும் ஒத்துப்போகாது. பயப்பட வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்துக்கென்றே ஜிஎஸ்டிஆர்-9சி படிவத்தில், ஆண்டுத் தொடக்கத்தில் பில் போடாமல் இருந்தது, ஆண்டு முடிவில் பில் போடாமல் இருப்பது என இரண்டு வரிகள் இருக்கின்றன.

அடுத்தது ஏப்ரல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த என்ட்ரியை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: வருமானத்தில் பற்று, வரவேண்டிய தொகையில் வரவு. வருமானக் கணக்கு புது ஆண்டின் முதல் நாளிலேயே மைனஸில் நிற்கும். பார்க்க விகாரமாக இருக்கும், ஆனால் சரிதான். பிறகு பில் வழக்கம்போல் போகும்போது அந்த மைனஸ் அடைபட்டுவிடும்; ஏப்ரல் மாத வருமானத்தில் மார்ச் வேலை ஒரு பைசாகூட ஒட்டாது.

திருப்பிப் போட மறந்தால்? மார்ச் வருமானம் மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரல் பில்லில் இன்னொரு முறை என இரண்டு தடவை ஏறிவிடும். ஆஸ்பத்திரி பில் தொகையைக் கொடுத்துவிடும், ஆஸ்பத்திரியின் பேரேட்டுப் பக்கம் சுத்தமாகிவிடும். ஆனால் அந்த 7,08,400 மட்டும் 'பில் போடாத வரவேண்டிய தொகை'யில் யாரும் தராத பாக்கியாக வருஷக்கணக்கில் கிடக்கும். ஜூன் மாதம் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். மார்ச் 31-இல் இருந்த தொகை அசையாமல் இருந்தால், ஒன்று பில் போகவில்லை, அல்லது பில் போயும் என்ட்ரி திரும்பவில்லை.

நம் கணக்குக்குத் திரும்புவோம். ஏப்ரல் 7-ஆம் தேதி ஆஸ்பத்திரி அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ஆறு டியூட்டிக்கு ஆள் வரவில்லை என்று அடித்து, 1,006-க்குத்தான் கையெழுத்துப் போடுகிறார். ஏஜென்சியும் ஒத்துக்கொண்டு பில் போடுகிறது: 7,04,200 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 1,26,756, மொத்தம் 8,30,956. மார்ச்சில் எழுதியதற்கும் இதற்கும் 4,200 ரூபாய் வித்தியாசம். கணக்கு இன்னும் முடித்துக் கையெழுத்தாகவில்லை என்றால் மார்ச் என்ட்ரியையே 7,04,200 என்று திருத்திவிட வேண்டும். மார்ச் 31-இல் இருந்த நிலையைத்தான் ஏப்ரல் 7-இன் கையெழுத்து தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே பழைய மதிப்பீட்டைக் கட்டி அழ வேண்டியதில்லை.

பில் இல்லாமல் வருமானம் எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதற்கு இதிலேயே அளவுகோல் இருக்கிறது. டியூட்டி எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது, ரேட் ஒப்பந்தத்தில் இருக்கிறது, போன இரண்டு மாதமும் பில்லுக்குப் பணம் வந்திருக்கிறது. இந்த மூன்றும் கையில் இருந்தால் எழுதலாம். ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை, 'முதல்ல செஞ்சு குடுங்க, அப்புறம் பேசிக்கலாம்' என்று வாய்வார்த்தையில் செய்த வேலை ஆகியவற்றை இதே கணக்கில் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அங்கே ரேட்டும் நிச்சயமில்லை, பணம் வருவதும் நிச்சயமில்லை.

எண்ணிப் பார்க்கவே முடியாத இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். மார்ச் 10-இல் ரீடிங் எடுத்த வீட்டில் 31 வரை ஓடிய மின்சாரம் எத்தனை யூனிட் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மின் விநியோக நிறுவனங்கள் அதை மதிப்பிட்டுத்தான் எழுத வேண்டும். வருகைப் பதிவேடு இருக்கும் ஏஜென்சிக்கு அந்தச் சிரமம் இல்லை.

வருமான வரியில் இந்த மார்ச் விவகாரம் வேறு வழியாக வந்து கதவைத் தட்டும். ஆஸ்பத்திரியும் தன் பங்குக்கு மார்ச் 31-இல் கணக்கை முடிக்கிறது. மார்ச் மாத துப்புரவுச் செலவுக்குச் சுமார் 7 லட்சம் என்று ஒதுக்கி, அதில் 2 சதவீதம், 14,000 ரூபாய், டிடிஎஸ் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஏஜென்சியின் 26ஏஎஸ் அறிக்கையில் அந்த 7 லட்சம் மார்ச் தேதியிலேயே தெரியும். ஏஜென்சியோ அதை அடுத்த ஆண்டு வருமானம் என்று விட்டிருக்கும். பிடித்த வரிக்கான வரவு, வருமானம் காட்டப்படும் ஆண்டில்தான் கிடைக்கும் என்பதால் பணமும் மாட்டிக்கொள்ளும், துறையிலிருந்து கேள்வியும் வரும். மார்ச் வருமானத்தை விட்டுவிட்டோமா என்று தெரிந்துகொள்ள, 26ஏஎஸ்ஸை விற்பனைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

ரொக்க முறையில் கணக்கு வைக்கும் டாக்டருக்கோ வக்கீலுக்கோ இதெல்லாம் தேவையில்லை. பணம் கைக்கு வந்தால் வருமானம், அவ்வளவுதான். ஆனால் கம்பெனியாகப் பதிவுசெய்த நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், எந்தக் காலத்துக்கு உரியதோ அந்தக் காலத்தில் எழுதும் முறையில்தான் கணக்கு இருக்க வேண்டும் என்கிறது.

இதைப் படித்துவிட்டு இந்த ஆண்டிலிருந்து சரியாக எழுதுவோம் என்று தொடங்குகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. போன ஆண்டு மார்ச் பில் இந்த ஏப்ரலில் ஏறியிருக்கிறது. இந்த மார்ச் வருமானத்தையும் என்ட்ரி போட்டுச் சேர்த்தால் ஒரே ஆண்டில் பதின்மூன்று மாத வருமானம், எதிரே பன்னிரண்டு மாதச் செலவு. லாபம் திடீரென்று துள்ளும். பேங்க்காரர் பார்த்துச் சந்தோஷப்பட்டு லிமிட்டைக் கூட்டிவிடவும் கூடும். அடுத்த ஆண்டு விற்பனை சரிந்ததுபோல் தெரிந்து விளக்கம் கேட்பார். போன மார்ச் தொகையை இந்த ஆண்டு விற்பனையோடு கலக்காமல், முந்தைய ஆண்டைச் சேர்ந்தது என்று தனியே காட்டிவிட வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் படிப்பவர்கள் இதையே இரண்டு பெயரில் பார்க்கலாம். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கணக்கியல் தரம் 115, பில் போடாத தொகையை இரண்டாகப் பிரிக்கிறது. நம் ஏஜென்சியைப் போல வேலை முடிந்து, காகித வேலையும் கெடுவும் மட்டும் பாக்கி என்றால் அது வரவேண்டிய தொகை. ஏசி பொருத்தும் வேலையில் பாதி முடிந்திருக்கிறது, முழுதும் ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணம் கேட்கும் உரிமை என்றால், அது 'ஒப்பந்தச் சொத்து'. முதலாவதில் வாடிக்கையாளர் பணம் கட்டாத ஆபத்து மட்டும்தான். இரண்டாவதில் நாமே வேலையைச் சொதப்பும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களின் அறிக்கைகளில் இந்த இரண்டும் தனித்தனி வரியாகவே இருக்கும்.

2021 முதல் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் பாக்கிகளை ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள் என்று வயதுவாரியாக அட்டவணை போடும்போது, பில் போடாத தொகையைத் தனியே காட்டச் சொல்கிறது கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. இரண்டு ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். மாத பில் போடும் கம்பெனியில் அது ஏறக்குறைய ஒரு மாத விற்பனை அளவில் இருப்பது இயல்பு. விற்பனை பத்து சதவீதம் ஏறும்போது அது இரட்டிப்பாகியிருந்தால், மார்ச்சில் ஒரு பெரிய ஒப்பந்தம் தொடங்கியிருக்கலாம். இல்லையென்றால் எங்கோ ஒரு வாடிக்கையாளர் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருக்கிறார்.